எஸ்கலேஷன் மெயில எப்படி முடிக்கறது? பெரியவங்கள சிசி போட்டும் வெண்டர் மேல பழி போடாம எழுதறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பெங்களூர்ல ஒரு கம்பெனில பர்ச்சேஸ் பாக்குறேன். பீனியால இருக்கற ஒரு வெண்டர்கிட்ட ஆபீஸ் நாற்காலி வாங்கினோம், பில் தேதி ஜூன் 18, 4 லட்சம் பில், அதுக்கு மேல 72,000 ஜிஎஸ்டி. பணம் முழுசா குடுத்தாச்சு. ஆனா அந்த பில் எங்க ஜிஎஸ்டி 2பில, அதாவது வெண்டர்ங்க எங்க நம்பர்ல ஃபைல் பண்ண பில்லெல்லாம் மாசாமாசம் வர்ற லிஸ்ட்ல, வரவே இல்ல, அதுல வந்தாத்தான் அந்த 72,000 எங்களுக்கு கிரெடிட்டா கிடைக்கும், ரெண்டு மாசமா அவங்க அக்கவுண்ட்ஸ் மேடம்கிட்ட கேட்டுட்டே இருக்கேன். இப்ப அவங்க சேல்ஸ் ஹெட்டையும் எங்க ஃபைனான்ஸ் மேனேஜரையும் சிசி போட்டு எழுதணும். மேல்பாகம் எழுதிட்டேன், முடிக்கத்தான் வரல. எப்படி எழுதினாலும் அந்த மேடம போட்டுக் குடுக்கற மாதிரியே இருக்கு."

இந்த ஒரு கேஸயே வச்சு எல்லா கேள்விக்கும் பதில் சொல்றேன். மெயில் எப்படியும் இங்கிலீஷ்லதான் போகும், நான் இங்க வரிகள தமிழ்ல எழுதறேன், நீங்க உங்க ஆபீஸ் இங்கிலீஷ்ல மாத்திக்கோங்க.

மேல எல்லா தேதியும் போட்டு தெளிவா எழுதிருக்கேன், கடைசி பாராவுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்?

சிசில வர்ற பெரியவங்க மெயில முதல்ல இருந்து படிக்கறதில்ல. சில்க் போர்டு சிக்னல்ல வண்டி நிக்கறப்ப போன்ல திறப்பாங்க, சப்ஜெக்ட் பாப்பாங்க, நேரா கீழ இறங்கி "எங்கிட்ட என்ன கேக்கறாங்க"ன்னு தேடுவாங்க. அங்க "தயவுசெய்து இத அவசரமா கவனிக்கவும்"னு மட்டும் இருந்துச்சுன்னு வைங்க, அவருக்கு செய்ய ஒரு வேலையும் கிடைக்காது, அப்ப அவரால செய்ய முடியறது ஒண்ணே ஒண்ணுதான், "இது யார் பாக்கறா, ஏன் இப்படி ஆச்சு"ன்னு கீழ இருக்கறவங்கள கூப்பிட்டு கேக்கறது. நீங்க ஒரு கடுமையான வார்த்தை கூட எழுதல, ஆனாலும் அந்த மேடம் திட்டு வாங்குவாங்க. பழி பெரும்பாலும் வார்த்தையில இல்ல, யார் என்ன செய்யணும்னு சொல்லாம விட்ட இடத்துல வந்து உக்காருது. அதனாலதான் முடிவு முக்கியம்னு சொல்றேன், அங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை, இல்ல "உங்களுக்கு இப்ப வேலை இல்ல"ங்கற தகவல் போய்ச் சேரணும்.

அதே மெயில அந்த மேடம் வேற கண்ணோட படிப்பாங்க. "எங்க சார் இத பாத்தா என்னப் பத்தி என்ன நினைப்பாரு" - இது மட்டும்தான் அவங்க மனசுல ஓடும். கடைசி பாரால அவங்களுக்கு ஒரு வழி இருந்தா பதில் வரும், இல்லன்னா விளக்கம்தான் வரும், "நாங்க அப்பவே சொன்னோமே"ன்னு ஆரம்பிக்கற நீளமான விளக்கம். அதுல உங்க 72,000 வராது.

அனுப்பறதுக்கு முன்னாடி என்னென்ன செக் பண்ணணும்? தப்பு அவங்களோடதுதானே?

அது இன்னும் தெரியாது, இதுதான் இந்த கேஸோட முக்கியமான இடம். பில் 2பில வராம போறதுக்கு குறைஞ்சது நாலு காரணம் இருக்கு, அதுல ஒண்ணு உங்க பக்கத்து தப்பாவே இருக்கலாம்.

முதல்ல உங்க பிஓவ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர எடுத்து அதுல எந்த ஜிஎஸ்டி நம்பர் போட்டிருக்குன்னு பாருங்க. பெங்களூர்லயும் சென்னைலயும் ஆபீஸ் இருக்கற கம்பெனிக்கு ரெண்டு நம்பர் இருக்கும், கர்நாடகா 29ல ஆரம்பிக்கும், தமிழ்நாடு 33ல ஆரம்பிக்கும். பழைய பிஓ டெம்ப்ளேட்ல சென்னை நம்பர் இருந்து அத பாத்து வெண்டர் பில் போட்டிருந்தா, அது ஒழுங்கா உங்க சென்னை 2பில போய் உக்காந்திருக்கும், நீங்க இங்க பெங்களூர் 2பில தேடிட்டு இருப்பீங்க. சென்னை 2பிய ஒரு தடவ இறக்கிப் பாக்காம சேல்ஸ் ஹெட்ட சிசி போட்டு அனுப்பிட்டா அந்த மெயில திரும்ப எடுக்க முடியாது.

அடுத்தது, வெண்டர் மாசாமாசம் ஃபைல் பண்றாரா, மூணு மாசத்துக்கு ஒரு தடவயான்னு பாருங்க. 5 கோடி வரைக்கும் டர்ன்ஓவர் இருக்கறவங்க காலாண்டுக்கு ஒரு தடவ ஃபைல் பண்ணலாம். அவங்களோட ஜூலை பில் அக்டோபர் 13 வரைக்கும் கூட வராம இருக்கலாம், அதுல தப்பே இல்ல. ஆனா உங்க பில் ஜூன் 18, அது ஏப்ரல்-ஜூன் காலாண்டோட கடைசி மாசம், அதனால மாசாமாசம் பண்றவரா இருந்தா ஜூலை 11க்குள்ள, காலாண்டுக்காரரா இருந்தா ஜூலை 13க்குள்ள ஃபைல் ஆகி ஜூலை 14 வர்ற 2பிலயே வந்திருக்கணும். வரல, ஆகஸ்ட் 14லயும் வரல, அதனால கேக்கறது நியாயம்தான்.

மூணாவது, ஜிஎஸ்டி தளத்துல வரி செலுத்துவோர தேடற பக்கத்துல வெண்டரோட நம்பர போட்டு ஃபைலிங் டேபிள பாருங்க, அது எல்லாருக்கும் தெரியற தகவல்தான். ஜூன் ரிட்டர்ன் ஃபைல் ஆகியே இருக்குன்னா, அவங்க மொத்தமா விட்டுடல, இந்த ஒரு பில் மட்டும் விட்டுப்போயிருக்கு, இல்ல நம்பர் போடாத கஸ்டமர் கணக்குல சேர்ந்திருக்கு, இல்ல நம்பர்ல ஒரு எழுத்து மாறி வேற யாருக்கோ போயிருக்கு. எது நடந்துச்சுன்னு வெளில இருந்து பாக்கற உங்களுக்கு தெரிய வாய்ப்பே இல்ல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதறதுதான் குத்தம் சொல்ற தொனியா மாறுது, அதனால முடிவுல "காரணம் எந்தப் பக்கம்னு இன்னும் தெரியல"ன்னு நேராவே எழுதிடுங்க. மரியாதைக்கு சொல்றது இல்ல இது, உண்மையே அதுதான்.

சரி, அந்த மேடம் ஏன் ரெண்டு மாசமா "அடுத்த மாசம் போடறோம்"னே சொல்றாங்க?

சின்ன வெண்டர்ஸ்ல பெரும்பாலும் ரிட்டர்ன ஃபைல் பண்றது அந்த அக்கவுண்ட்ஸ் மேடம் இல்ல, வெளில இருக்கற ஆடிட்டர் ஆபீஸ். மேடம் லிஸ்ட் அனுப்புவாங்க, ஆடிட்டர் ஃபைல் பண்ணுவாரு. விட்டுப்போன பில்ல இப்ப சேர்க்கணும்னா ஆடிட்டர்கிட்ட சொல்லணும், லேட்டான வரிக்கு வட்டி கட்ட வேண்டி வரலாம், வருஷத்துக்கு 18 சதவீதம், 72,000க்கு ரெண்டு மாசம்னா 2,200 ரூபாய் பக்கம் வரும். தொகை பெருசு இல்ல, ஆனா அத முதலாளிகிட்ட போய் "சார், ஒரு பில்ல விட்டுட்டோம்"னு சொல்லணுமே, அதுதான் கஷ்டம். அதனால தள்ளிப்போடறாங்க. இது புரிஞ்சா உங்க முடிவு தானா மாறும். அவங்க முதலாளிகிட்ட வாங்க வேண்டிய அனுமதிய நீங்களே மெயில்ல கேட்டுக் குடுக்கறீங்க, அவ்ளோதான்.

அப்ப கடைசி பாரா எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்டுங்க.

ஆகஸ்ட் 22 அனுப்பறதா வச்சு எழுதறேன்:

> ஜூன் 18 தேதியிட்ட இந்த பில் (வரி ரூ.72,000) ஆகஸ்ட் 14 வரை எங்கள் 2பியில் வரவில்லை. எங்கள் பிஓவிலும் சென்னைப் பதிவிலும் சரிபார்த்துவிட்டோம். காரணம் என்ன என்பது எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.
>
> மேடம், செப்டம்பர் 11க்குள் தாக்கலாகும் ஆகஸ்ட் மாத ரிட்டர்னில் இந்த பில்லைச் சேர்க்க முடியுமா என்பதை ஆகஸ்ட் 29க்குள் தெரிவிக்க முடியுமா?
>
> ஆடிட்டரிடம் பேச வேண்டியிருந்தால் சேல்ஸ் ஹெட் சாரின் ஒப்புதல் உதவும் என்பதால் அவரை இதில் சேர்த்திருக்கிறேன். மாதக் கணக்கை முடிக்கும் எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர் தகவலுக்காக இருக்கிறார்.
>
> எங்களிடமிருந்து பிஓ நகலோ ஜிஎஸ்டி சான்றிதழோ தேவையென்றால் சொல்லுங்கள், அன்றே அனுப்புகிறேன். ஆகஸ்ட் ரிட்டர்னில் முடியாது என்றால் எந்த மாதத்தில் முடியும் என்று சொன்னாலும் போதும்.
>
> ஜூலையில் பில் நகலை உடனே அனுப்பி உதவியதற்கு நன்றி.

இதுல கவனிங்க, முதல் வாக்கியத்துல "நீங்க சேர்க்கல"ன்னு எங்கயும் இல்ல, பில்தான் எழுவாய், பில்தான் வரல. கேள்வி ஒண்ணே ஒண்ணு, அது ஒரே ஆளுக்கு, பேர் சொல்லி, "முடியுமா முடியாதா"ன்னு பதில் சொல்லக்கூடிய கேள்வி. "ஏன் வரல"ன்னு நான் கேக்கவே இல்ல, ஏன்னா சேல்ஸ் ஹெட் முன்னாடி ஏன்னு கேட்டா அந்த மேடம் தன்ன காப்பாத்திக்கத்தான் எழுதுவாங்க, பில் சேர்ந்தா உங்களுக்கு போதும், காரணம் தேவைப்பட்டா பின்னாடி போன்ல கேட்டுக்கலாம்.

கடைசிக்கு முந்தின வரி, "எந்த மாதத்தில் முடியும் என்று சொன்னாலும் போதும்"ங்கறது, பலவீனமா தெரியலாம். எனக்கு இதுதான் இந்த பாராலயே ரொம்ப பிடிச்ச வரி. முடியாதுன்னு சொல்ல ஒரு கௌரவமான வழி இருந்தாத்தான் மனுஷங்க உண்மையான தேதிய சொல்லுவாங்க, இல்லன்னா மறுபடி "கண்டிப்பா அடுத்த மாசம்"தான்.

சிசி போட்ட காரணத்த எழுதணுமா? எழுதினா இன்னும் பெருசாக்கற மாதிரி இருக்காதா?

எழுதணும். சொல்லாம ஒரு பெரியவர் பேர் திடீர்னு மேல தெரிஞ்சா, படிக்கறவங்க தானா ஒரு காரணத்த கற்பனை பண்ணிக்குவாங்க, அது எப்பவும் மோசமான காரணமாத்தான் இருக்கும். ஒரே நிபந்தனை, நீங்க எழுதற காரணம் நிஜமா இருக்கணும். அவரால மட்டும் செய்ய முடியற ஒரு வேலை இருக்கணும், இங்க அது ஆடிட்டருக்கு ஓகே சொல்றது. அப்படி எதுவும் உங்களால யோசிச்சு எடுக்க முடியலன்னா அவர இன்னும் சிசில போட வேண்டிய நேரம் வரலன்னு அர்த்தம், அந்த மேடம்கிட்டயே இன்னொரு தடவ பேசுங்க.

"ஃபார் யுவர் விசிபிலிட்டி"ன்னு மட்டும் எழுதறது நம்ம ஐடி ஆபீஸ்கள்ல ரொம்ப ஓடுது, வெண்டருக்கு எழுதறப்ப வேண்டாம். உங்க டீம்குள்ள அது சாதாரணம், வெளி ஆளுக்கு அது "பாருங்க உங்க ஆளு லட்சணத்த"ன்னு கேக்கும். உங்க ஃபைனான்ஸ் மேனேஜர் இருக்கற காரணத்தையும் ஒரு வரில சொல்லிடுங்க, இல்லன்னா பேமெண்ட நிறுத்தப் போறாங்களோன்னு பயந்துக்குவாங்க.

தேதிய எப்படி தேர்ந்தெடுக்கறது? "உடனடியா"ன்னு போட்டா போதாதா?

"உடனடியா"ன்னு போட்டா அது உங்க கோவம், "செப்டம்பர் 11"னு போட்டா அது ஜிஎஸ்டி காலண்டர். உங்க மேல வருத்தப்பட முடியும், காலண்டர் மேல யார் வருத்தப்படுவா? அதனால எப்பவும் வெளில இருந்து வர்ற ஒரு தேதில இருந்து பின்னாடி எண்ணுங்க. ரிட்டர்ன் 11ஆம் தேதி, ஆடிட்டருக்கு லிஸ்ட் பெரும்பாலும் மாச ஆரம்பத்துல போகும், அதுக்கு முன்னாடி முடிவு தெரியணும், அதனால ஆகஸ்ட் 29. அனுப்பற நாளுக்கும் பதில் கேக்கற நாளுக்கும் நடுவுல ஒரு வாரமாவது இருக்கட்டும், லீவும் பாத்துக்கோங்க, பெங்களூர்ல கணேஷா ஹப்பா வாரத்துல, ஆயுத பூஜை வாரத்துல பீனியா பாதி மூடியிருக்கும்.

நவம்பர் 30ன்னு ஒரு தேதியும் இருக்கு, ஒரு நிதியாண்டு பில்லுக்கு அடுத்த நிதியாண்டோட நவம்பர் 30க்கு மேல, வருஷ ரிட்டர்ன் அதுக்கு முன்னாடியே போட்டிருந்தா அதுக்கு மேல, கிரெடிட் எடுக்க முடியாது. அத இந்த மெயில்ல போடாதீங்க. ஜூன் பில்லுக்கு அது ரொம்ப தூரத்துல இருக்கு, "இன்னும் ஒரு வருஷம் இருக்கே"ன்னு அவங்களுக்கு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

எந்த வரிகள கண்டிப்பா தவிர்க்கணும்?

"பலமுறை நினைவூட்டியும்", "ஏற்கனவே சொன்ன மாதிரி", "இதன் தீவிரத்த புரிஞ்சுக்குவீங்கன்னு நம்பறேன்", "தவறினால்". முதல் ரெண்டும் தேதி வரிசையா மேல எழுதிட்டாலே தெரியப்போகுது, முடிவுல திரும்ப சொல்றது குத்திக் காட்டறதுதான். மூணாவது, எதிர்ல இருக்கறவங்களுக்கு புரியலன்னு சொல்றது. நாலாவது வக்கீல் நோட்டீஸ் பாஷை. "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்" யாரையும் புண்படுத்தாது, ஆனா என்ன வேணும்னு சொல்லாது, அதனால இங்க பிரயோஜனமில்ல. நன்றியையும் செய்யாத வேலைக்கு முன்கூட்டியே சொல்லாதீங்க, அது உத்தரவு மாதிரி இருக்கும், நிஜமா செஞ்ச ஒரு சின்ன வேலைய தேடி அதுக்கு சொல்லுங்க. எதுவுமே செய்யலன்னா நன்றி வரிய விட்டுட்டு "ரிகார்ட்ஸ்"னு முடிங்க, பொய்யான நன்றி எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

அடுத்த ஆர்டர் பேமெண்ட நிறுத்தி வைப்போம்னு நாசூக்கா எழுதலாமா?

ஃபைனான்ஸ் நிஜமாவே அப்படி முடிவெடுத்திருந்தா, பிஓல அதுக்கு ஷரத்து இருந்தா மட்டும், அதுவும் இந்த மெயில்ல வேண்டாம். பெரியவர முதல் தடவ சேர்க்கற மெயில்லயே பணத்த பத்தி பேசினா வேற எதுவும் படிக்க மாட்டாங்க. தவிர, வெண்டர் சிறு நிறுவனமா உத்யம் பதிவு வச்சிருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு, நீங்க பர்ச்சேஸ்ல உக்காந்துட்டு ஒரு வரில எழுதிடற விஷயம் இல்ல அது, ஃபைனான்ஸ்கிட்ட கேட்டுக்கோங்க.

அனுப்பறதுக்கு முன்னாடி அந்த மேடம்கிட்ட சொல்லணுமா?

கட்டாயம். ஒரு போன், ரெண்டு நிமிஷம். "மேடம், இன்னைக்கு மதியம் ஒரு மெயில் அனுப்பறேன், உங்க சாரையும் சேர்த்திருக்கேன், ஆடிட்டர்கிட்ட பேச உங்களுக்கு ஈசியா இருக்கும்னுதான், உங்கள பத்தி ஒண்ணும் எழுதல." கன்னடத்துல ரெண்டு வார்த்த பேச வந்தா இன்னும் நல்லது. பல தடவ இந்த போன்லயே "இருங்க சார், நானே சார்கிட்ட இன்னைக்கு சொல்லிடறேன்"னு சொல்லுவாங்க, அப்படி சொன்னா ஒரு நாள் பொறுங்க.

இன்னொண்ணு, பழைய மெயிலோட தொடர்ச்சியா அனுப்பறீங்கன்னா கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. நடுவுல உங்க டீம்ல யாராவது "இவங்க எப்பவும் இப்படித்தான்"னு ஒரு வரி போட்டு உள்ளுக்குள்ள ஃபார்வர்ட் பண்ணிருந்தா, நீங்க எவ்ளோ மென்மையா முடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. சந்தேகமா இருந்தா புது மெயிலா எழுதி பில்லயும் 2பி ஸ்க்ரீன்ஷாட்டையும் மட்டும் அட்டாச் பண்ணுங்க.

பதில் வந்துடுச்சு, "சேர்க்கறோம்"னு. இப்ப எல்லாருக்கும் ரிப்ளை பண்ணணுமா?

ஒரு தடவ எல்லாருக்கும்: "நன்றி மேடம், செப்டம்பர் 14 2பில பாத்துட்டு சொல்றேன்." சேல்ஸ் ஹெட் முன்னாடி அவங்களுக்கு நல்ல பேர் போய்ச் சேரட்டும். அதுக்கப்புறம் பெரியவங்கள எடுத்துடுங்க, பிஓ நகல் அனுப்பறதுக்கெல்லாம் அவங்க இருக்க வேண்டாம். 14ஆம் தேதி பில் வந்துடுச்சுன்னா திரும்ப எல்லாரையும் சேர்த்து "வந்துடுச்சு, முடிஞ்சுது"ன்னு ஒரு வரி, இத நிறைய பேர் மறந்துடறாங்க, அதனால சேல்ஸ் ஹெட் மனசுல அந்த விஷயம் திறந்தே கிடக்கும்.

ஆகஸ்ட் 29 தாண்டியும் பதில் இல்லன்னா?

செப்டம்பர் 1 அன்னைக்கு அதே மெயில்ல, இப்ப சேல்ஸ் ஹெட்ட சிசில இருந்து டூவுக்கு மாத்துங்க, கேள்வியும் அவருக்கு மாறணும். "சார், ஆகஸ்ட் ரிட்டர்ன்ல சேர்க்கணும்னா லிஸ்ட் இந்த வாரம் ஆடிட்டருக்கு போகணும். உங்க ஆடிட்டர் ஆபீஸ்ல யார்கிட்ட பேசலாம்னு சொன்னீங்கன்னா எங்க ஃபைனான்ஸ்ல இருந்து நேரா பேசிக்கறோம்." மேடம் பதில் சொல்லலன்னு எழுதாதீங்க, தேதி மேலயே இருக்கு. அவங்க பேர சிசில வச்சிருங்க, எடுத்துட்டா அதுதான் நிஜமான அவமானம்.